23 கிணறுகள், 6 நாட்கள்: கூட வந்தவர்களுக்கு நன்றி

முதல் நாள், இரவு

இன்று விடியும் முன்பே இரண்டு வேன்களில் 16 பேர் கிளம்பினோம். வெள்ளம் வடிந்து எட்டு நாள் ஆகிறது. துணி, போர்வை, பாய் எல்லாம் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து போனில் பேசியவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கிறது, குடிக்க ஒரு வாய் இல்லை. வந்து பாருங்கள்." அதனால் இந்த முறை மோட்டார், ஓஸ், கயிறு, வாளி, பிளீச்சிங் பவுடர், குளோரின் சோதனைப் பெட்டி ஆகியவற்றைத்தான் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

கடைசி ஒன்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. பாலத்தின் மேல் படிந்திருந்த சேற்றில் இரண்டாவது வேன் இறங்கிவிட்டது. ஓட்டி வந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு வெளியே எடுத்தார். இந்த ஆறு நாளும் அவர் வேனிலேயே படுக்கப் போகிறார், ஜெனரேட்டருக்குக் காவலாக. முதல் நன்றி அவருக்கு.

மதியத்திலிருந்து இருட்டும் வரை ஊரைச் சுற்றிக் கிணறுகளை எண்ணினோம். மொத்தம் 23. கல்லூரியில் படிக்கும் இரண்டு தங்கைகள் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, கைப்பிடிச் சுவரில் பெயின்டால் எழுதினார்கள். குறுக்களவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு ஆழம், பக்கத்தில் கழிப்பறைக் குழி எத்தனை அடியில், தண்ணீரில் என்ன வாடை என்று நோட்டில் ஒரு வரி விடாமல் குறித்தார்கள். இப்போது அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளை எந்தக் கிணற்றில் தொடங்குவது என்று முடிவு செய்ய அது இல்லாமல் முடியாது.

இரண்டாம் நாள்

மூன்று கிணறுகள் முடிந்தன. ஐந்து முடியும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளம் புகுந்த கிணற்றில் பவுடரைக் கொட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். போன வருடம் நாங்களும் அப்படித்தான் செய்தோம். அடியில் ஒரு முழம் சேறு, இலை, செத்த எலி கிடக்கும்போது, போடும் குளோரினையெல்லாம் அந்த அழுக்கே தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் எதுவும் இருக்காது. முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும், சேற்றை வாரி வெளியே போட வேண்டும், சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், தண்ணீர் ஊறித் தெளிய விட வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான். இந்த ஊரில் எங்கள் நேரத்தில் முக்கால்வாசி சேற்றுக்குத்தான் போகிறது.

ஏழாம் நம்பர் கிணற்றில் ஒரு சிக்கல். தண்ணீர் மட்டம் முப்பது அடிக்குக் கீழே இறங்கியதும், மேலே வைத்திருந்த பெட்ரோல் மோட்டார் வெறுமனே ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. மேலிருந்து உறிஞ்சும் மோட்டாரால் இருபது, இருபத்தைந்து அடிக்கு மேல் இழுப்பது கஷ்டம். அது மோட்டாரின் கோளாறு இல்லை, காற்றழுத்தத்தின் எல்லை. ஊர்க்காரர் ஒருவர், "மோட்டாரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்வோம்" என்றார். எங்களில் இரண்டு பேர் கயிற்றை எடுத்தே விட்டார்கள்.

தடுத்தவர் எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். "எஞ்சின் உள்ளே போனால் ஆள் வெளியே வரமாட்டான்" என்று கயிற்றைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கிணறு போன்ற மூடிய இடத்தில் அது தங்கிவிடும். விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும் என்று ஊரில் சொன்னார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுக்காற்று குறைவு என்று தெரியும், அது உண்மைதான். ஆனால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். இதை அவர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார், ஒருவரையும் திட்டவில்லை. அப்புறம் ஜெனரேட்டரைக் காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்புறமாகத் தள்ளி வைத்து, நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினோம். ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் போனது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக அவருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

உள்ளே இறங்குகிறவர் உடம்பில் எப்போதும் பட்டைக் கயிறு இருக்க வேண்டும், மேலே மூன்று பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு வேலை பார்க்காமல் நிற்க வேண்டும் என்றும் அவர் விதி போட்டார். பெரும்பாலும் இறங்கியவர் கட்டட வேலை செய்யும் தம்பி. இன்று மட்டும் நான்கு தடவை இறங்கினார்.

சாயங்காலம் மூன்று கிணற்றிலும் மருந்து ஊற்றி, வாயைத் தார்ப்பாயால் மூடி, "நாளை காலை வரை தொடாதீர்கள்" என்று எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்றாம் நாள்

மருந்தின் கணக்கைக் கேட்டு இன்று ஊர் இளைஞர்கள் நான்கு பேர் நோட்டோடு வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நான்காம் நம்பர் கிணறு வட்டமானது. குறுக்களவு 2 மீட்டர், தெளிந்து ஊறிய தண்ணீரின் ஆழம் 3 மீட்டர். குறுக்களவை அதே குறுக்களவால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்க வேண்டும். 2 × 2 × 3 × 0.785 என்றால் 9.4 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர், ஆகவே கிணற்றில் சுமார் 9400 லிட்டர் இருக்கிறது. நாங்கள் கொண்டுவந்த பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்று மூட்டையில் போட்டிருக்கிறது. 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்றுக்கு 100 கிராம் பவுடர் கலந்தால், ஒவ்வொரு 1000 லிட்டருக்கும் அரை வாளி ஊற்ற வேண்டும். நான்காம் கிணற்றுக்கு ஐந்து வாளிக்குக் கொஞ்சம் குறைவு, பவுடராகப் பார்த்தால் 470 கிராம்.

பவுடரை நேராகத் தண்ணீரில் தூவக்கூடாது. கொஞ்சம் தண்ணீரில் பசை மாதிரி குழைத்து, பிறகு வாளி நிறைய ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்ற வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். ஊற்றும்போது கிணற்றுக்குள் ஆள் இருக்கவே கூடாது. இந்தக் கலக்கும் வேலையை இரண்டு நாளாக இரண்டு அக்காக்கள் பார்க்கிறார்கள். கண் எரிச்சலோடு, ஒவ்வொரு தடவையும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறார்கள். கைக்கணக்கு கிடையாது.

குறைந்தது அரை மணி நேரம் மருந்து தண்ணீரில் நிற்க வேண்டும். நாங்கள் ராத்திரி முழுக்க விடுகிறோம். காலையில் அந்தத் தண்ணீரை முழுதும் இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறியபின் அரை மணி நேரம் பொறுத்துச் சோதிக்கிறோம். லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே குளோரின் இருந்தால் கிணற்றைத் திறந்து விடலாம். அதற்கு மேல் இருந்தால் இன்னொரு தடவை இறைக்க வேண்டும்.

சோதனையில்தான் இன்று காலை ஒரு குழப்பம். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மாத்திரையைப் போட்டால், குளோரின் இருக்கிற அளவுக்கு இளஞ்சிவப்பு நிறம் வரும். இறைப்பதற்கு முன்னால் நேற்றைய கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்த்தோம். ஒரு கணம் சிவந்தது, உடனே நிறம் போய்விட்டது. மருந்தே இல்லையோ என்று பயந்தோம். ஆய்வகத்தில் வேலை பார்த்த அக்கா ஒருவர் எங்களில் இருக்கிறார். "மருந்து அதிகமாக இருந்தாலும் நிறம் வெளுத்துப் போகும்" என்றார். நாங்கள் குடிக்கக் கொண்டுவந்த கேன் தண்ணீரில் ஒன்பது பங்கு எடுத்து, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, மறுபடி மாத்திரை போட்டார். அழகான சிவப்பு. நிறமில்லாத குழாய்க்கு இரண்டு அர்த்தம் உண்டு: மருந்து இல்லை, அல்லது மிக அதிகம். கலந்து பார்த்தால்தான் எது என்று தெரியும்.

இன்று மூன்று கிணறுகளைத் திறந்துவிட்டோம். புதிதாக ஐந்தில் வேலை முடித்து மருந்து ஊற்றியிருக்கிறோம்.

நான்காம் நாள், நள்ளிரவுக்குப் பின்

கஷ்டமான நாள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மருந்து ஊற்றி ராத்திரி முழுக்க விட்டிருக்கிறோம், அதனால் நேரே இறைத்துவிட்டு, புதுத் தண்ணீரை மட்டும் சோதித்தால் போதும் என்று நினைத்தேன். அதில் 0.5-க்குக் குறைவாக இருந்தால் கிணறு சரி. ஓஸைக் கிணற்றில் விட்டாகிவிட்டது. நர்சிங் படிக்கும் தங்கை ஒருத்தி, "இறைப்பதற்கு முன்னாலும் ஒரு தடவை பார்த்துவிடலாமா அண்ணா?" என்று கேட்டாள். நேரமில்லை என்றேன். அவள் விடவில்லை, இரண்டு நிமிஷம்தான் என்றாள்.

ஒன்பதாம் நம்பர் கிணறு. குழாயில் நிறமே வரவில்லை. அக்கா நேற்றுச் சொன்னபடி பத்தில் ஒரு பங்காகக் கலந்து பார்த்தாள். அப்போதும் வரவில்லை. அடுத்த கிணற்றிலும் அதே கதை. நேற்று மருந்து ஊற்றிய ஐந்திலும் ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

அவள் கேட்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறைத்திருப்போம், புதுத் தண்ணீரில் குளோரின் இல்லை என்று பார்த்திருப்போம், "சரி, அளவு குறைவாகத்தான் இருக்கிறது, திறந்துவிடலாம்" என்று சொல்லியிருப்போம். கடைசிச் சோதனை மருந்து கழுவப்பட்டுவிட்டதா என்று மட்டும்தான் சொல்லும். மருந்து வேலை செய்ததா என்று சொல்லாது. கிருமி அப்படியே இருக்கும் ஐந்து கிணறுகளை எங்கள் கையாலேயே ஒப்படைத்திருப்போம்.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். சேறு சரியாக வாராமல் அழுக்கு மருந்தைத் தின்றிருக்கலாம், அல்லது பவுடரே செத்திருக்கலாம். ஐந்து கிணற்றிலும் ஒரே மாதிரி ஆனதால் பவுடர் மேல் சந்தேகம் வந்தது. ஆய்வக அக்கா இரண்டு வாளிகளில் சுத்தமான கேன் தண்ணீர் 20 லிட்டர் வீதம் ஊற்றினார். முதல் மூட்டையிலிருந்து 1 கிராம் ஒரு வாளியில், இரண்டாவது மூட்டையிலிருந்து 1 கிராம் அடுத்த வாளியில். கிணற்றில் நாங்கள் போடும் அதே அளவு இது. இரண்டிலிருந்தும் பத்தில் ஒரு பங்காகக் கலந்து மாத்திரை போட்டார். முதல் குழாய் நல்ல சிவப்பு. இரண்டாவதில் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது மூட்டையின் வாய் வேனில் வரும்போதே அவிழ்ந்திருக்கிறது. பாலத்தில் சிக்கியபோது சேற்றுத் தண்ணீரின் ஈரமும் ஏறியிருக்கிறது. பிளீச்சிங் பவுடர் ஈரமும் வெயிலும் காற்றும் பட்டால் குளோரினை விட்டுவிடும். மூக்கில் ஏறும் நெடி குறையும், கையில் எடுத்தால் கட்டி கட்டியாக வரும். இரண்டையும் நேற்றே கவனித்திருக்கலாம். மூட்டையை ஏற்றியபோது கட்டைச் சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு, நான் பார்க்கவில்லை.

ஐந்து கிணற்றுக்காரர்களிடமும் போய் நானே சொன்னேன். ஒரு பெரியம்மா, "இன்னைக்குத் திறப்பீங்கன்னு குடத்தைக் கழுவி வெச்சிருக்கேனே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பிறகு அவரே, "தப்பா குடிச்சிருந்தா என்ன ஆகிறது, நாளைக்கே திறங்க" என்றார்.

சேறு ஏற்கெனவே வாரியாகிவிட்டதால் மருந்தை மட்டும் மறுபடி ஊற்றினால் போதும். ஆனால் நல்ல மூட்டையில் இருந்த பவுடர் எல்லாக் கிணற்றுக்கும் போதாது. வேன் அண்ணனும் இன்னொரு தம்பியும் மதியம் கிளம்பி, அதே பாலத்தைத் தாண்டிப் போய், மூடி சீல் போட்ட டப்பாக்களாக வாங்கிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு டப்பாவையும் திறந்தவுடன் வாளிச் சோதனை செய்துவிட்டுத்தான் கிணற்றுக்குக் கொண்டுபோனோம். பகலில் இறைத்துச் சேறு வாரிய நான்கு புதுக் கிணறுகளையும் சேர்த்து ஒன்பதில் மருந்து ஊற்றி முடித்தபோது மணி பன்னிரண்டரை. ஒருவர்கூடக் "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லவில்லை.

நர்சிங் படிக்கும் தங்கைக்கு இந்தக் குழுவின் சார்பிலும், அந்த ஐந்து கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகும் வீடுகளின் சார்பிலும் நன்றி. இனிமேல் இறைப்பதற்கு முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை என்பது எங்கள் நோட்டில் விதியாக ஏறிவிட்டது.

ஐந்தாம் நாள்

காலையில் ஒன்பது கிணற்றிலும் கலந்து பார்த்த குழாய்கள் சிவந்தன. இறைத்து, ஊற விட்டு, மறுபடி பார்த்துத் திறந்தோம். பெரியம்மா முதல் குடத்தை எடுத்தார்.

பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு மோட்டார் இரவல் கிடைத்ததால் இன்று ஏழு கிணறுகள் முடிந்தன. எட்டாவதாகத் தொடங்கிய பதினேழாம் நம்பர் உறை கிணற்றைப் பாதியில் விட்டுவிட்டோம். அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பின் கிணற்றைச் சுற்றியிருக்கும் மண்ணில் தண்ணீர் நிறைந்திருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரை வேகமாக இறைத்துவிட்டால், வெளியே இருக்கும் தண்ணீர் சுவரை உள்நோக்கித் தள்ளும். அதனால் கொஞ்சம் இறைத்து, நிறுத்தி, சுவரைப் பார்த்து, மறுபடி இறைக்கிறோம். இந்தக் கிணற்றில் மூன்றாவது நிறுத்தத்தில், ஓஸ் வழியாக வந்த தண்ணீரில் மணல் கூடிக்கொண்டே போனது. உறைகளின் இடுக்கில் ஓர் இடத்தில் மணலோடு தண்ணீர் பீறியது. மேலே கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

கட்டட வேலைத் தம்பி இறங்கத் தயாராகப் பட்டைக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றான். விரிசலைப் பார்த்தவுடன் அவனே அவிழ்த்துவிட்டு, "இது வேண்டாம் அண்ணா, சுற்றி ஒருவரையும் நிற்க விடாதீர்கள்" என்றான். மோட்டாரை நிறுத்தினோம். தண்ணீர் மட்டம் மறுபடி ஏறியதும் மணல் வருவது நின்றது. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, கொத்தனார் பார்க்கும் வரை ஆள் போகக்கூடாது என்று பலகை வைத்தோம். ஐந்து நாளில் மொத்தம் பதினைந்து தடவைக்கு மேல் கிணற்றுக்குள் இறங்கியவன் அவன். இறங்க மாட்டேன் என்று சொன்ன இந்த ஒரு தடவைக்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

ஆறாம் நாள், கிளம்பும் முன்

நேற்றைய ஏழு கிணறுகளையும் காலையில் சோதித்துத் திறந்துவிட்டோம். 23-இல் 19 கிணறுகள் ஊர்க்காரர்கள் கையில் இருக்கின்றன. நான்கை ஒப்படைக்கவில்லை. ஒன்று பதினேழாம் நம்பர். இரண்டு, கழிப்பறைக் குழிக்கு மிக அருகில் இருப்பவை. குழி உடைந்து கசிகிறது, இன்று சுத்தம் செய்தாலும் நாளை கெட்டுவிடும். இன்னொன்றில் டீசல் வாடை. டிராக்டர் நின்ற கொட்டகை வெள்ளத்தில் மூழ்கியதால் அப்படி. குளோரின் கிருமியைக் கொல்லும், எண்ணெயை எடுக்காது. அந்த நான்கின் கைப்பிடிச் சுவரிலும் சிவப்பு பெயின்டால் குறுக்குக் கோடு போட்டிருக்கிறோம்.

திறந்துவிட்ட 19 கிணறுகளையும் நாங்கள் சுத்தப்படுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான். கிணற்றில் நிற்காத மருந்து நாளைக்கும் காவல் இருக்காது. ஓர் அழுக்கு வாளிக் கயிறு போதும் மறுபடி கெடுவதற்கு. அதனால் மழைக்காலம் முடியும் வரை வீட்டில் குடத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ, குளோரின் போட்டோதான் குடிக்க வேண்டும் என்று தங்கைகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். ஒரே கயிறு, ஒரே வாளி கிணற்றிலேயே இருக்கட்டும், வீட்டு வாளியை இறக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

நோட்டை இரண்டு படி எடுத்தோம். ஒன்று எங்களோடு வருகிறது. இன்னொன்றையும் சோதனைப் பெட்டியையும் மிச்சமிருந்த மாத்திரைகளையும், மூன்றாம் நாள் கணக்குக் கேட்க வந்த அந்த நான்கு இளைஞர்களிடம் கொடுத்தோம். காலையில் கடைசி மூன்று கிணறுகளை அவர்களேதான் சோதித்தார்கள், நாங்கள் பக்கத்தில் நின்றோம். ஒருவன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நாங்கள் சொல்லாமலே, கலந்து இன்னொரு தடவை பார்த்தான்.

பெயர் போட வேண்டாம் என்று கூட வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரும் இங்கே இல்லை. வேன் ஓட்டிய அண்ணன்கள் இருவர், தீயணைப்பு வீரர், கட்டட வேலைத் தம்பி, கயிறு பிடித்த மூவர், மருந்து கலந்த அக்காக்கள், ஆய்வக அக்கா, நோட்டு எழுதிய தங்கைகள், நர்சிங் தங்கை, மோட்டாரை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட இரண்டு தம்பிகள்: உங்கள் பதினைந்து பேருக்கும் நன்றி. மோட்டார் இரவல் கொடுத்தவருக்கும், ஐந்து ராத்திரியும் தன் வீட்டு மாடியில் எங்களைப் படுக்க வைத்தவருக்கும் நன்றி.

சிவப்புக் கோடு போட்ட நான்கு கிணறுகளுக்காக, மண் காய்ந்தபின் ஒரு கொத்தனாரோடு திரும்பி வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். வேன் வந்துவிட்டது.